கருமம், கன்மம், கர்மா: பேச்சில் ஒரு பொருள், தத்துவத்தில் இன்னொரு பொருள்

வெள்ளவத்தையில் ஒரு கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடக்கும் சைவ சித்தாந்த வகுப்பில், பல ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்டு வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களைப் பெரும்பாலும் மாற்றவில்லை. சில பதில்கள் நீண்டுவிட்டன. அவை நீள வேண்டிய இடங்கள் என்றே கருதுகிறேன்.

வீட்டில் அம்மா எரிச்சல் வந்தால் "கருமம், கருமம்" என்பார். வங்கிக்குப் போனால் "கருமபீடம்" என்று எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். 'செய்தல்' என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு முதற்பொருள் செயல், வேலை, அலுவல் என்பதே. இலங்கைத் தமிழ் இந்தப் பழைய பொருளை மிகவும் பத்திரமாக வைத்திருக்கிறது. வங்கியிலும் தபாலகத்திலும் நாம் முன்னால் போய் நிற்கும் கருமபீடம், வேலை நடக்கும் மேசை; அரசகரும மொழி என்பது அரசின் அலுவல் நடக்கும் மொழி. "பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்" என்று வள்ளுவர் சொல்லும்போதும், ஒருவருடைய செயல்தான் அவரை உரைத்துப் பார்க்கும் கல் என்ற பொருளே வருகிறது. காரியத்தில் மட்டும் கண்ணாக இருப்பவரைக் 'கருமமே கண்ணாயினார்' என்று புகழ்வதும் இப்பொருளில்தான்.

அம்மாவின் வாயில் வருவது இதே சொல்லின் கடைசிப் பொருள். செயல் என்ற பொருளிலிருந்து செயலின் பலன் என்றும், பலனிலிருந்து தீய பலன் என்றும், அதிலிருந்து சகிக்க முடியாதது என்றும் அது படிப்படியாக இறங்கி வந்திருக்கிறது. இறந்தவருக்குச் செய்யும் கிரியைக்கும் அந்தப் பெயர் வழங்கியதால், வீட்டுக்குள் சொல்லத் தயங்கும் ஒரு நிழலும் அதன்மேல் படிந்துவிட்டது. நம் சிங்கள அயலவர்கள் துன்பம் வந்தால் "கருமே" என்று சலித்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அங்கும் இச்சொல் இதே சரிவில்தான் இறங்கியிருக்கிறது. இப்போது இளைஞர்கள் சொல்லும் 'கர்மா' ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்த வடிவம். சித்தாந்த நூல்களில் நீங்கள் காணப்போவது கன்மம் அல்லது வினை.

சரி, பேச்சில் சொல்லும் கர்மத்துக்கும் தத்துவத்தில் சொல்லும் கர்மத்துக்கும் அடிப்படையான வித்தியாசம் என்ன?

பேச்சில் கர்மம் என்பது நமக்கு வந்து சேர்வது; தத்துவத்தில் அது முதன்மையாக நாம் செய்வது. இந்த ஓர் இடமாற்றத்திலிருந்தே மற்றக் குழப்பங்கள் எல்லாம் பிறக்கின்றன.

சைவ சித்தாந்தம் வினையை மூன்று நிலைகளில் வைத்துப் பேசும். எண்ணற்ற பிறவிகளில் ஈட்டி, இன்னும் அனுபவிக்காமல் கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவியில் அனுபவிப்பதற்கென்று அளந்து எடுக்கப்பட்டது பிராரத்தம். அதை அனுபவித்துக்கொண்டிருக்கும்போதே மனத்தாலும் வாக்காலும் உடலாலும் நாம் புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். வகுப்பில் நான் நெல்லை உவமையாகச் சொல்வது வழக்கம். களஞ்சியத்தில் கிடக்கும் நெல் சஞ்சிதம், இன்று உலையில் ஏறிய அரிசி பிராரத்தம், இந்தப் போகத்துக்கு வயலில் விதைக்கும் விதை ஆகாமியம். "என்ட கர்மம்" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொள்ளும்போது அவர் உலையில் இருக்கும் அரிசியை மட்டுமே பார்க்கிறார். தம் கையில் இருக்கும் விதை அவருடைய கண்ணில் படுவதில்லை. சித்தாந்தம் படிப்பவருடைய பார்வையோ அந்த விதையின் மேல்தான் நிற்க வேண்டும், ஏனென்றால் மூன்றில் இப்போது நம் கையில் இருப்பது அது மட்டுமே.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பேச்சில் கர்மம் எப்போதும் கெட்டது. பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளையைப் பார்த்து யாரும் அது கர்மம் என்று சொல்வதில்லை. தத்துவத்தில் நல்வினையும் கன்மமே, அதுவும் உயிரைக் கட்டுவதே. அதனால்தான் வள்ளுவர் "இருள்சேர் இருவினையும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். பொன்விலங்கு, இரும்புவிலங்கு என்று பெரியவர்கள் சொல்லும் உவமையும் இதைப் பற்றியதே.

எங்கட மகனுக்கு டெங்கு வந்து வார்ட்டில் இருந்தபோது, பார்க்க வந்த ஒருவர் "போன பிறப்பில என்ன கர்மமோ" என்று சொல்லிவிட்டுப் போனார். சைவ சித்தாந்தம் அப்படித்தானே சொல்கிறது?

இதை என்னிடம் கேட்டவர் ஒரு தாய். கேட்கும்போது அவருடைய கையில் பிள்ளையின் இரத்தப் பரிசோதனைத் துண்டுகள் மடித்தபடி இருந்தன. பிளேட்லெட் எண்ணிக்கை நாளுக்கு நாள் எப்படி இறங்கி எப்படி ஏறியது என்பதை அவர் மனப்பாடமாகச் சொன்னார். ஆகவே மேலோட்டமான ஆறுதலைச் சொல்லி அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நூல் சொல்வதை முழுமையாகவே பார்ப்போம்.

முதலில், வந்தவர் முழுப் பொய்யைச் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு ஆகிய ஆறும் உயிர் கருவில் இருக்கும்போதே அமைந்துவிடுகின்றன என்கிறார். பிணி அந்த ஆறில் ஒன்று. இதை மறைத்துவிட்டுச் சித்தாந்தம் அப்படிச் சொல்லவே இல்லை என்று நான் பேசினால் அது நேர்மையாகாது. ஆனால் அந்தச் செய்யுள் அத்துடன் நிற்கவில்லை. இந்த ஆறும் முன்பு செய்த கன்மத்தின் பயன், இங்கே இப்போது வேறாகச் செய்யும் வினைகளோ மேல்வரும் உடலில் பொருந்தும் என்று அதன் பிற்பகுதி ஓடுகிறது. அதாவது ஒரே நிகழ்ச்சியில் அனுபவிப்பதும் புதிதாகச் செய்வதும் பக்கம் பக்கமாக நடந்துகொண்டிருக்கின்றன.

இப்போது அந்தக் காய்ச்சலையே எடுத்துப் பார்ப்போம். டெங்கு நுளம்பு தெளிந்த, அசையாத நீரில் பெருகுவது. அந்தத் தாயின் தொடர்மாடியில், மேல்வீட்டுப் பூச்சாடித் தட்டிலும் இலை அடைத்த பீலியிலும் மழைக்குப் பின் நீர் தேங்கியிருந்தது என்று பின்னர் தெரியவந்தது. முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் போதும். தொற்றுள்ள நுளம்பு கடித்தபின் காய்ச்சல் தோன்ற 4 முதல் 10 நாள்கள் ஆகும். ஆகவே கண்ணுக்குத் தெரிகின்ற காரணம் சில வாரங்களுக்குள்ளேயே, சில படிகளுக்கு மேலேயே கிடந்தது.

இதில் வினை எங்கே இருக்கிறது? பிள்ளை பட்ட வேதனை அந்த உயிரின் பிராரத்தம் என்று சித்தாந்தம் சொல்லும். ஆனால் அது காரணமின்றி வானத்திலிருந்து விழுவதாகச் சொல்லாது. உலகத்துக் காரணங்களின் வழியாகவே அது வந்து ஊட்டும். தட்டிலிருந்த நீரைக் கொட்டாமல் விட்டவருடைய அலட்சியம் அவருடைய ஆகாமியம். பிள்ளை அனுபவிக்க வேண்டியிருந்தது என்பதைக் காட்டி அவர் தப்ப முடியாது, ஏனெனில் பட்டவருடைய பழவினை செய்தவருடைய புதுவினையை ரத்துச் செய்வதில்லை. இரவு பகலாகக் கண் விழித்து, நீராகாரத்தை அளந்து கொடுத்து, எவ்வளவு சிறுநீர் போயிற்று என்று குறித்துவைத்த தாயின் செயல் அவருடைய ஆகாமியம், அதுவும் நல்லது.

மிஞ்சியிருப்பவர் பார்க்க வந்தவர். வாக்கினாலும் வினை ஈட்டப்படும் என்று சித்தாந்தம் திட்டமாகச் சொல்கிறது. நோயாளியின் கட்டிலருகே நின்று ஒரு தாயைக் கலங்கச் செய்த அந்த வாக்கியம் சொன்னவருடைய கணக்கில்தான் சேர்ந்தது. பிறருடைய கன்மத்தைப் பற்றித் தாம் ஒரு செய்தி சொன்னதாக அவர் நினைத்திருப்பார். ஆனால் அந்த நேரத்தில் அவர் செய்துகொண்டிருந்தது தம்முடைய கன்மத்தைத்தான்.

இன்னொன்றையும் அந்தத் தாயிடம் சொன்னேன். வினை அறிவில்லாத சடப்பொருள். எந்த உயிருக்கு எது, எப்போது என்று தானாக அறிந்து போய்ச் சேர அதனால் முடியாது. கூட்டுவிப்பவன் இறைவன் என்பது சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கை. அப்படிக் கூட்டுவிப்பதைச் சித்தியார் தண்டனையாகக் காட்டவில்லை. மருத்துவன் சில நோய்களை அறுத்தும் கீறியும் தீர்க்கிறான், சிலவற்றைச் சர்க்கரைக் கட்டியும் பாலும் கலந்து கொடுத்துத் தீர்க்கிறான். இறைவனும் அதுபோல இன்பத்தையும் துன்பத்தையும் ஊட்டி வினையை அறுக்கிறான் என்கிறது அந்த நூல். "என்ன கர்மமோ" என்ற பேச்சில் தொனிப்பது குற்றவாளிக் கூண்டு. நூலில் இருப்பதோ மருத்துவச்சாலை.

நோய் கர்மத்தால் வந்தது என்றால் மருந்து எடுப்பது கர்மத்தில் தலையிடுவது ஆகாதா? அனுபவித்துத் தீர்க்க வேண்டாமா?

இந்தக் கேள்வியைத் திருஞானசம்பந்தர் கேட்டு, பதிலும் சொல்லிவிட்டார். அவரும் அடியவர்களும் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது அடியவர்களைக் குளிர்காய்ச்சல் பற்றியது என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்போது பாடியதே திருநீலகண்டப் பதிகம். அதன் தொடக்கம் இது:

"அவ்வினைக் கிவ்வினை யாமென்று சொல்லும் அஃதறிவீர்
உய்வினை நாடா திருப்பதும் உந்தமக் கூனமன்றே"

அந்த வினைக்கு இந்த வினை என்று காரணம் கற்பிக்கத் தெரிந்த நீங்கள், பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று அவர் கேட்கிறார். கன்மக் கொள்கையை மறுப்பவருடைய கேள்வியல்ல இது. அதை முழுதும் ஏற்றவர், காய்ச்சல் பரவிய இடத்தில் நின்று கேட்டது. அவர் காட்டும் உய்வினை இறைவழிபாடு என்பது உண்மை. ஆயினும் அடுத்த வரியில் "கைவினை செய்து" என்று கையால் செய்யும் தொண்டையும் சேர்த்தே சொல்கிறார். வினைக்குக் காரணம் சொல்லிக்கொண்டு சும்மா இருப்பதைத்தான் அவர் ஊனம் என்றார். மருந்து எடுப்பதும் மருத்துவமனைக்குப் போவதும் ஒரு செயல், ஆகவே அதுவும் கருமமே. அதைச் செய்யாமல் விடுவதும் ஒரு தெரிவு, அதற்கும் பலன் உண்டு. எவ்வளவு பிராரத்தம் மிச்சமிருக்கிறது என்று யாருக்கும் தெரியாதபோது, "அனுபவித்துத் தீர்க்கிறேன்" என்று பரசிற்றமோல் வில்லையைக் கூடத் தள்ளிவைப்பவர் தமக்குத் தெரியாத ஒரு கணக்கைத் தெரிந்ததாகப் பாவிக்கிறார்.

பன்சலையிலும் பௌத்தர்கள் கர்மம் என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதும் இதுதானா?

பேச்சில் இரு பக்கமும் ஒன்று. நூலில் பெரிய வேறுபாடு உண்டு. பௌத்தத்தில் நிலையான உயிரும் இல்லை, வினையைக் கூட்டுவிக்கும் இறைவனும் இல்லை. "சேதனையையே நான் கர்மம் என்கிறேன்" என்று புத்தர் சொன்னதாக அங்குத்தர நிகாயம் பதிவு செய்கிறது. சேதனை என்றால் எண்ணித் துணியும் மனத்தின் முனைப்பு. தெரியாமல் மிதிபட்ட எறும்பையும் வேண்டுமென்றே மிதித்த எறும்பையும் இந்த வரையறை உடனே பிரித்துவிடும். சமணர்களோ இதற்கு மறுகோடியில் நின்று, கர்மத்தை உயிரின்மேல் வந்து ஒட்டும் நுண்ணிய பருப்பொருளாகவே கொண்டனர்.

நோயைப் பற்றிய இடத்தில் பௌத்தம் சித்தாந்தத்தை விட வெளிப்படையாகவே பேசுகிறது. மோலிய சீவகன் என்ற பரிவிராசகன் புத்தரிடம் வந்து, மனிதர் அனுபவிக்கும் இன்ப துன்பங்கள் எல்லாமே முன்செய்த வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்டான். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்கினார்: பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றும் கூடிக் கெடும் சந்நிபாதம், பருவ மாற்றம், உடலை ஒழுங்காகப் பேணாமை, பிறர் செய்யும் தாக்குதல், எட்டாவதாகக் கர்மத்தின் விளைவு. எல்லாவற்றையும் கர்மத்தின் தலையில் போடுபவர்கள், தாங்களே கண்கூடாக அறிந்ததையும் உலகம் உண்மையென்று ஒப்புக்கொண்டதையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்றும் சொன்னார். சம்யுத்த நிகாயத்தில் இது இருக்கிறது. நம் வீட்டுக் கிழவிகள் சொல்லும் 'சன்னி' இந்தச் சந்நிபாதத்திலிருந்து வந்த சொல் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

செய்த அளவுக்கு அதே அளவு திரும்பி வரும் என்ற எண்ணமும் அங்கே ஏற்கப்படவில்லை. ஒரு கட்டி உப்பைச் சிறு கிண்ணத்து நீரில் போட்டால் குடிக்க முடியாது. கங்கையில் போட்டால் எதுவும் தெரியாது. ஒரே சிறு தீவினை, மனம் சுருங்கிய ஒருவனிடத்திலும் மனம் விரிந்த ஒருவனிடத்திலும் அப்படித்தான் வெவ்வேறாக விளையும் என்பது புத்தர் சொன்ன உவமை.

காலி வீதியில் ஒருவன் எல்லோரையும் முந்திக்கொண்டு போய் அடுத்த சந்தியில் பொலிசிடம் பிடிபட்டால், "கர்மா உடனே திருப்பிக் கொடுத்துவிட்டது" என்கிறோம். அது பிழையா?

பேச்சு வழக்காகப் பிழையில்லை. தத்துவமாக எடுத்தால் நிற்காது. வேகமாகப் போனவன் பொலிசிடம் பிடிபடுவது கண்ணுக்குத் தெரிந்த காரணமும் காரியமும். அதை விளக்கக் கன்மக் கொள்கை தேவையில்லை. செய்ததன் பலன் இந்தப் பிறவியிலேயே வரக்கூடும் என்பதை யோக சூத்திரமும் பௌத்தமும் ஏற்கின்றன. ஆனால் இந்த நிகழ்ச்சி அந்த வினையின் பலன்தான் என்று விரல் நீட்டும் அதிகாரத்தை இரண்டும் நமக்குத் தரவில்லை. கர்ம விளைவின் போக்கு சிந்தித்து எட்ட முடியாத நான்கில் ஒன்று, அதைத் துருவுபவர் சித்தம் கலங்குவார் என்று பௌத்த நூலே எச்சரிக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. முந்திப் போனவன் பிடிபடாமல் வீடு போய்ச் சேர்ந்த நாள்களில் நாம் கர்மாவை நினைத்தோமா? நமக்குப் பிடிக்காதவர் விழுந்தால் மட்டும் நினைவுக்கு வருவது கர்மா அல்ல, நம் மகிழ்ச்சி. பிறர் துன்பத்தில் மகிழ்வது மனத்தால் செய்யும் வினை.

விதி, தலையெழுத்து, ஊழ், கர்மம் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. தலையெழுத்து இன்னொருவர் எழுதியது. ஊழ் நம் பழவினை முறையாக வந்து நம்மைச் சேர்வது. முன்னதில் நமக்குப் பங்கில்லை, பின்னதில் முழுப் பங்கும் நம்முடையது. ஊழை விட வலியது எது என்று கேட்ட வள்ளுவரே, தளராமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகு காட்டச் செய்வார் என்று வேறோர் அதிகாரத்தில் சொன்னார். முரண் போலத் தெரிவது, பிராரத்தத்தையும் ஆகாமியத்தையும் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அப்படியென்றால் துன்பப்படுகிற ஒருவரிடம் கர்மத்தைப் பற்றிப் பேசவே கூடாதா? எனக்கே துன்பம் வந்தால்?

உங்களுக்கு வந்தால் பேசலாம். "இது என் வினை, பட்டுத் தீர்கிறேன்" என்று ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும்போது, பிறர்மேல் பழி போடாமலும் மனம் உடையாமலும் நிற்க அது துணை செய்கிறது. என் தாயார் தம் கடைசிக் காலத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டே வலியைத் தாங்கினார். நான் அதை அவரிடம் சொல்லியிருந்தால் அதே வாக்கியம் கொடுமையாக இருந்திருக்கும். தன்மையில் சொன்னால் பொறுமையாவது, முன்னிலையிலும் படர்க்கையிலும் சொன்னால் தீர்ப்பாகிவிடுகிறது. ஆகவே ஒருவர் தம் துன்பத்தைத் தம் கர்மம் என்று சொன்னால் மறுக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக அதைத் தொடங்க வேண்டாம். வார்ட்டுக்குப் போனால் இரவில் யார் நிற்கிறார்கள், சாப்பாடு கொண்டுவர வேண்டுமா, மற்றப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து யார் கூட்டி வருவது என்று கேட்கலாம்.

டெங்கு வந்த அந்தப் பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வந்த வாரம், தாய் மேல்வீட்டுக்காரரிடம் போய்ப் பேசியிருக்கிறார். அவர் பூச்சாடித் தட்டுகளை எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்துப் பீலியில் கிடந்த இலைகளைத் தாமே அள்ளிக் கொட்டினாராம். அதுவும் கருமமா என்று அந்தத் தாய் அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டார். ஆம் என்றேன்.